லோகோவைக் கழித்தால் கிடைக்கும் படம்

வீடியோவின் மூலையில் பதிந்திருக்கும் சேனல் லோகோவை எடுப்பது, ப்ராஜெக்ட் ஃபைல் கையில் இருந்தால் அரை நிமிட வேலை. லோகோ இருக்கும் அடுக்கை அணைத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது. அந்த ஃபைல் தொலைந்து, எக்ஸ்போர்ட் செய்த வீடியோ மட்டும் மிஞ்சும்போதுதான் சிக்கல். அந்த வீடியோவில் அடுக்கு என்று எதுவும் கிடையாது. லோகோவும் அதன் பின்னாலிருந்த சுவரும் ஒரே பிக்சலில் ஒரே எண்ணாகக் கலந்திருக்கும். சேனலின் பெயர் மாறும்போதும், சேர்ந்து நடத்தியவர்கள் பிரியும்போதும், பழைய காட்சியொன்றை வேறு படத்தில் சேர்க்க வேண்டிவரும்போதும் இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது.

கலந்ததைப் பிரிக்க முடியுமா என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: லோகோவுக்குப் பின்னால் இருப்பது கொஞ்சமாவது தெரிகிறதா? தெரிந்தால் கணக்குப் போட்டுப் பழைய படத்தையே ஏறக்குறைய மீட்டுவிடலாம். கொஞ்சமும் தெரியாவிட்டால் அங்கே இருந்த படம் போனது போனதுதான். பொருத்தமான வேறொன்றை அந்த இடத்தில் ஒட்டத்தான் முடியும். இரண்டும் வேறு வேறு வேலைகள். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா லோகோவையும் ஒரே மாதிரி மங்கலாக்கிவிடுவதால்தான், மீட்கக்கூடிய படமும் வீணாகிறது.

அதற்கு முன் பார்க்க வேண்டியது, லோகோ உண்மையில் வீடியோவுக்குள் இருக்கிறதா என்பது. யூடியூபில் 'வீடியோ வாட்டர்மார்க்' என்றே ஒரு வசதி உண்டு. சேனலின் தோற்றத்தை அமைக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரப் படத்தை ஏற்றினால், அந்தச் சேனலின் வீடியோக்களில் வலது கீழ் மூலையில் அது தெரியும். அதைக் காட்டுவது பிளேயர். வீடியோ ஃபைலில் அது இல்லை. அந்தப் பக்கத்தில் நீக்கிவிட்டால் எல்லா வீடியோவிலிருந்தும் போய்விடும். யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து தன் சொந்த வீடியோவைப் பதிவிறக்கிப் பார்த்தாலே இது தெளிவாகிவிடும்: இறக்கிய பிரதியில் லோகோ இல்லையென்றால் மேற்கொண்டு செய்ய எதுவும் இல்லை.

லோகோ ஃபைலுக்குள்ளேயே பதிந்திருந்தால், இருக்கும் பிரதிகளில் நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டும். யூடியூப் ஸ்டுடியோ தருவது அதிகபட்சம் 720பி பிரதிதான். கூகுள் டேக்அவுட் வழியாகக் கேட்டால் இதைவிடத் தரமான பிரதி கிடைக்க வாய்ப்புண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதி இந்த வேலைக்கு உதவாது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் லோகோவின் விளிம்பு கலங்கிப்போகிறது. ப்ராஜெக்ட் ஃபைலே எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் ஒரு நோட்டம் விடலாம். பிரீமியர் புரோ தானாகச் சேமித்த பழைய பதிப்புகளைத் தனி ஃபோல்டரில் வைக்கும். டாவின்சி ரிசால்வ் ப்ராஜெக்ட்டைத் தனி ஃபைலாக வைக்காமல் தன் டேட்டாபேஸில் வைப்பதால், வீடியோ இருந்த ஃபோல்டர் அழிந்தாலும் ப்ராஜெக்ட் பிழைத்திருக்கலாம்.

சொந்த வீடியோ என்ற சொல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65பி பிரிவு, படைப்பின் உரிமையாளரைக் குறிக்கும் தகவலை அதிகாரமில்லாமல் தெரிந்தே நீக்குவதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எடுத்த வீடியோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனத்துடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவோ, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருடையது. ஸ்டுடியோவின் லோகோ அதில் இருக்கிறது என்றால், கையெழுத்துப் போட்ட ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இனி கணக்கு. திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 கறுப்பு, 255 முழு வெளிச்சம். அரைகுறையாகத் தெரியும் லோகோவை வைக்கும்போது, எடிட்டிங் மென்பொருள் லோகோவின் எண்ணில் ஒரு பங்கையும் பின்னணியின் எண்ணில் மீதிப் பங்கையும் எடுத்துக் கூட்டுகிறது. அந்தப் பங்குதான் ஒபாசிட்டி. திரையில் தெரியும் எண்ணை C, லோகோவின் எண்ணை L, பின்னணியை B, ஒபாசிட்டியை a என்று வைத்தால்:

```
C = a × L + (1 − a) × B
B = (C − a × L) / (1 − a)
```

முதல் வரி லோகோ வைத்தபோது நடந்தது. இரண்டாவது அதைத் திருப்பிப் போட்டது. C வீடியோவிலேயே இருக்கிறது. லோகோவின் ஒவ்வொரு பிக்சலுக்கும் a எவ்வளவு, L எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் B கிடைத்துவிடும். இவை இரண்டும் வீடியோ முழுக்க மாறுவதில்லை என்பதுதான் இங்கே பெரிய சௌகரியம். ஒரே ஒரு ஃப்ரேமில் கண்டுபிடித்தால் எல்லா ஃப்ரேமுக்கும் அதுவே போதும்.

ஒரு சமையல் சேனலின் பதினைந்து நிமிட வீடியோவை எடுத்துக்கொள்ளலாம். 1920க்கு 1080 அளவு. வலது மேல் மூலையில் 180 பிக்சல் அகலம், 90 பிக்சல் உயரத்தில் வெள்ளை எழுத்து லோகோ. அதன் வழியே அடுப்படிச் சுவரின் டைல்ஸ் தெரிகிறது. ஒபாசிட்டி எவ்வளவு வைத்தோம் என்பது யாருக்கும் நினைவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் படம் முழுவதும் கறுப்பாகி லோகோ மட்டும் நிற்கும் ஒரு நொடி தேவை. ஒரு காட்சி மங்கி அடுத்த காட்சி தொடங்கும் இடங்களில் அப்படிப்பட்ட ஃப்ரேம் அகப்படும். பின்னணி கறுப்பு என்றால் B பூஜ்யம். அப்போது திரையில் தெரிவது a × L மட்டுமே. அந்த ஃப்ரேமை ஒரு படமாக எடுக்க இலவச எஃப்எஃப்எம்பெக் நிரலில் ஒரு வரி போதும்:

```
ffmpeg -ss 00:06:41.2 -i clip.mp4 -frames:v 1 logo.png
```

இந்தப் படத்தை ஜிம்ப்பில் திறந்து எழுத்தின் நடுவில் கலர் பிக்கரை வைத்தால் 102 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். லோகோ தூய வெள்ளை என்றால் L 255. 102ஐ 255ஆல் வகுத்தால் 0.4. ஆக ஒபாசிட்டி 40 சதவீதம். டைல்ஸின் மேல் அதே எழுத்து 174 என்று காட்டினால், 174இல் 102ஐக் கழித்து, வரும் 72ஐ 0.6ஆல் வகுக்க, 120 கிடைக்கிறது. எழுத்துக்குச் சற்றுத் தள்ளி, லோகோ இல்லாத டைல்ஸிலும் பிக்கர் 120ஐ ஒட்டியே காட்டினால் கணக்கு சரி. முழு வீடியோவையும் ஓட்டுவதற்கு முன் இந்த ஓரிடச் சோதனையைச் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

லோகோ வெள்ளை என்பதால் இன்னொரு சுருக்கமும் கிடைக்கிறது. கறுப்பு ஃப்ரேமில் எடுத்த படத்தின் எண்ணே ஒவ்வொரு பிக்சலின் ஒபாசிட்டியையும் சொல்லிவிடுகிறது. எழுத்தின் ஓரம் மெல்ல மங்கும் இடம்கூட அதில் அடக்கம். வண்ண லோகோ என்றால் ஒரு கறுப்பு ஃப்ரேம் போதாது. பின்னணி எண் தெரிந்த இன்னொரு ஃப்ரேமும் வேண்டும். முழு வெள்ளைத் திரை வந்தால் மிக வசதி. வெள்ளையில் தெரியும் எண்ணிலிருந்து கறுப்பில் தெரியும் எண்ணைக் கழித்து 255ஆல் வகுத்தால் வருவது, பின்னணி எவ்வளவு பங்கு உள்ளே வந்திருக்கிறது என்பது. அதை ஒன்றிலிருந்து கழித்தால் ஒபாசிட்டி.

எடுத்த படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் 2, 3 என்று சிறு எண்களாக இருக்கும். லோகோவைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தூரிகையால் 0 ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கழித்தல் முழுத் திரையையும் தொட்டு, படமே லேசாக நிறம் மாறிவிடும். பிறகு:

```
ffmpeg -i clip.mp4 -loop 1 -i logo.png -filter_complex \
"[0:v]format=gbrp[a];[1:v]format=gbrp[b]; \
[a][b]blend=all_expr='clip(255*(A-B)/(255-B),0,255)':shortest=1,format=yuv420p[v]" \
-map "[v]" -map 0:a -c:v libx264 -crf 14 -c:a copy out.mp4
```

இதில் A என்பது வீடியோ, B என்பது லோகோ படம். சூத்திரத்தில் பின்னணியைக் குறித்த B வேறு. ஒலி தொடப்படாமல் அப்படியே போகிறது. crf எண் சிறியதாக இருப்பது வேண்டுமென்றே. மறுபடி சுருக்கும்போது தரம் அதிகம் இறங்காமல் இருக்க அது உதவும், ஃபைல் பெரிதாகும் என்பதே அதற்கான விலை. முதலில் `-t 10` சேர்த்துப் பத்து நொடி மட்டும் ஓட்டிப் பார்ப்பதே முறை.

முதல் ஓட்டத்தில் லோகோ சுத்தமாக மறைவது அபூர்வம். மிச்சமாகத் தெரியும் நிழலைப் படிக்கத் தெரிந்தால் எங்கே தவறு என்று சொல்லிவிடலாம். எழுத்து இன்னும் சற்று வெளிச்சமாகத் தெரிந்தால் கழித்தது போதவில்லை. இருட்டாகத் தெரிந்தால் அதிகம் கழித்துவிட்டது. எழுத்தின் ஒரு பக்கம் வெளிச்சக் கோடும் எதிர்ப்பக்கம் இருட்டுக் கோடுமாகப் பொறித்தது போல் தெரிந்தால், லோகோ படம் ஒரு பிக்சல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. லோகோவை அந்த வீடியோவிலிருந்தே எடுத்திருந்தால் இந்தப் பிசகு வராது. கறுப்பு ஃப்ரேம் கிடைக்காமல், பழைய லோகோ ஃபைலை அளவு பார்த்து வைத்தவர்களுக்குத்தான் இது வரும்.

கறுப்பு ஃப்ரேம் கிடைக்காமல் போவதும் சகஜம். எக்ஸ்போர்ட் செய்யும்போது லோகோவையும் சேர்த்து மங்கவிட்டிருந்தால், திரை கறுக்கும்போது லோகோவும் போய்விடுகிறது. அப்போது லோகோவின் பின்னால் இருட்டாக இருக்கும் ஃப்ரேம்கள் சிலவற்றை, வெவ்வேறு காட்சிகளிலிருந்து பொறுக்கி, ஜிம்ப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கின் முறையை 'Darken only' என்று மாற்றலாம். ஒவ்வொரு இடத்திலும் அந்த ஃப்ரேம்களில் மிக இருட்டான எண் மட்டும் மேலே வரும். எல்லா இடத்திலும் பின்னணி ஒருமுறையாவது கறுப்பாக இருந்திருந்தால், மிஞ்சுவது லோகோ மட்டும்தான். சமையல் வீடியோவில் இதற்கு வாய்ப்புக் குறைவு. இரவில் எடுத்த பயண வீடியோவில் எளிதாக வரும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் லோகோ போகாத ஒரு வகை உண்டு: இருட்டிலும் நல்ல வெளிச்சத்திலும் மறைந்துவிடுகிறது, நடுத்தர வெளிச்சத்தில் மட்டும் பேய் போல நிற்கிறது. காரணம், மென்பொருள் கலந்த விதம். வீடியோவில் சேமிக்கப்படும் எண் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. கண்ணுக்கு ஏற்றாற்போல வளைத்து எழுதப்பட்டிருக்கும். சில மென்பொருள்கள் அந்த வளைவை நீக்கி, உண்மையான ஒளி அளவில் கலந்துவிட்டு, மறுபடி வளைத்து எழுதுகின்றன. பிரீமியர் புரோவின் சீக்வென்ஸ் அமைப்பில் 'Composite in Linear Color' என்று இதற்கு ஒரு தேர்வே இருக்கிறது. அப்படிக் கலந்திருந்தால் 40 சதவீத வெள்ளை லோகோ கறுப்பில் 102 காட்டாது. 168 அளவில் காட்டும். வைத்த ஒபாசிட்டி நினைவிருந்தால் இந்த ஒரு எண்ணை வைத்தே எப்படிக் கலந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்போது வீடியோ, லோகோ இரண்டின் எண்களையும் 255ஆல் வகுத்து, ஏறக்குறைய 2.2 அடுக்குக்கு உயர்த்தி, கழித்து வகுத்த பிறகு மறுபடி பழைய அளவுக்கு இறக்க வேண்டும்.

இன்னொரு தடை எண்ணின் நுணுக்கம். வீடியோவைச் சுருக்கியபோது ஒவ்வொரு எண்ணிலும் சிறு பிழை புகுந்திருக்கும். கழித்து வகுக்கும்போது பின்னணியோடு அந்தப் பிழையும் பெருகுகிறது. 40 சதவீத லோகோவில் 4 எண் பிழை ஏழு அளவுக்கு வரும், கண்ணில் படாது. 80 சதவீத லோகோவில் அதே பிழை ஐந்து மடங்காகி 20 ஆகிறது. எழுத்து இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் கொதிப்பது தெரியும். நடைமுறையில் பாதிக்கு மேல் அடர்த்தியான லோகோவைக் கழித்துத் தப்பிப்பது கடினம்.

விளிம்பு எப்போதும் தனிப் பிரச்சினை. வழக்கமான வீடியோவில் நிறத் தகவல், வெளிச்சத் தகவலின் பாதி நீள அகலத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் எழுத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்கு நிறம் கசிந்து, எல்லாம் சரியாகக் கழித்த பிறகும் மெல்லிய கோட்டோவியம் மிஞ்சும். அதை மட்டும் அக்கம்பக்கத்துப் பிக்சலால் நிரப்பிவிடலாம். வீடியோவின் அளவிலேயே ஒரு கறுப்புப் படம் செய்து, அதில் எழுத்தின் விளிம்பை மட்டும் வெள்ளையாக வரைந்து, மேலே உள்ள கட்டளையில் `format=yuv420p` என்பதற்குப் பின் `,removelogo=edge.png` என்று சேர்த்தால் போதும். எழுத்தின் உட்பகுதி கணக்கில் மீண்டதாகவும், ஓரம் மட்டும் நிரப்பியதாகவும் இருக்கும். இப்படிச் செய்த டைல்ஸ் சுவரில், தெரிந்து தேடினாலன்றி லோகோ இருந்த தடம் தெரியாது.

முழுக்க அடைத்த லோகோ என்றால் கணக்கு இல்லை. சூத்திரத்தில் a ஒன்றாகிவிட, கீழே பூஜ்யம் வருகிறது. எல்லோரும் முதலில் எடுப்பது `delogo` என்ற ஃபில்டர்:

```
ffmpeg -i clip.mp4 -vf "delogo=x=1700:y=40:w=180:h=90:show=1" test.mp4
```

`show=1` என்பது பச்சைக் கட்டம் போட்டு இடத்தைக் காட்டும். இடம் சரியானதும் அதை எடுத்துவிட வேண்டும். இந்த ஃபில்டர் செய்வது, கட்டத்தின் நான்கு விளிம்பிலும் உள்ள நிறங்களை உள்ளே இழுத்து நிரவுவது மட்டும்தான். வானம், வெறும் சுவர் என்றால் ஓரளவு ஒப்பேறும். டைல்ஸ் கோடுகள் ஓடும் இடத்தில், கோடு கட்டத்துக்குள் நுழைந்ததும் கரைந்து பிசுபிசுத்துப் போகும். லோகோ இருந்ததைவிட அந்தப் பிசுக்கு அதிகமாகக் கண்ணை உறுத்துவதும் உண்டு.

சமையல் வீடியோ போல ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த காட்சிக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. கேமரா அசையாததால் லோகோவுக்குப் பின்னால் கடைசி வரை அதே டைல்ஸ்தான். ஒரே ஒரு ஃப்ரேமை ஜிம்ப்பில் திறந்து, பக்கத்து டைல்ஸை குளோன் கருவியால் எடுத்து லோகோவின் மேல் கோடு கோடாகப் பொருத்தி வரைந்து, அந்தத் துண்டை மட்டும் ஓரம் ஐந்தாறு பிக்சல் மங்குமாறு வெட்டி, வீடியோவின் மேல் அடுக்கில் காட்சி முழுக்க நீட்டிவிடலாம். இதில் இரண்டு இடத்தில் குட்டு வெளிப்படும். சுற்றியுள்ள படத்தில் புள்ளிச் சலனம் இருக்க, ஒட்டிய துண்டு மட்டும் உறைந்து நிற்கும். துண்டின் மேல் லேசாக நாய்ஸ் சேர்த்தால் சரியாகிவிடும். கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருந்தால் துண்டு ஒட்டுப் போட்டதாகத் தெரியும். அப்போது வெளிச்சம் மாறும் இடத்தில் வெட்டி, துண்டின் பிரைட்னஸைத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். வாணலியிலிருந்து ஆவி அந்த மூலை வரை எழும்பும் சில நொடிகளுக்கு எந்த ஒட்டும் நிற்காது. அங்கே காட்சியைச் சற்றுப் பெரிதாக்கி லோகோவைத் திரைக்கு வெளியே தள்ளுவதுதான் வழி.

கேமரா நகரும் காட்சியில் நிலைமை தலைகீழ். இப்போது லோகோவுக்குப் பின்னால் இருக்கும் மரம், அரை நொடி கழித்து லோகோவைத் தாண்டி வெளியே வந்துவிடும். அந்த ஃப்ரேமிலிருந்து எடுத்து இந்த ஃப்ரேமை நிரப்பலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2019இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் இந்த வேலையைச் செய்கிறது. லோகோ சிறியதாகவும் நகர்வு சீராகவும் இருந்தால் நன்றாக வரும். பின்னணியோடு சேர்ந்து லோகோவுக்குள் ஆளும் நடந்து போனால் கலங்கிவிடும்.

வெட்டி எடுப்பதை யாரும் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். பல நேரம் அதுவே போதும். மேலே சொன்ன லோகோவை வெட்ட, மேலிருந்து 130 பிக்சல் போக வேண்டும். மிஞ்சும் 950 பிக்சல் உயரத்தை மறுபடி 1080க்குப் பெரிதாக்கினால் படம் பதினான்கு சதவீதம் அளவுக்கே பெருக்கும். 1080பி காட்சியில் அது கவனத்துக்கு வராது. தலை வெட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஷார்ட்ஸ், ரீல்ஸுக்கு நெட்டாக வெட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1080 உயரத்தில் நடுவிலிருந்து எடுக்கப்படும் அகலம் 608 பிக்சல்தான் என்பதால், மூலை லோகோ தானாகவே வெளியே போய்விடும்.

திருத்திய வீடியோவை யூடியூபில் பழைய இணைப்பிலேயே மாற்றி வைக்க முடியாது. புதிதாக ஏற்ற வேண்டும், பார்வைகளும் கருத்துகளும் பழையதோடு நின்றுவிடும். பழைய இணைப்பை விட மனமில்லாதவர்களுக்கு ஸ்டுடியோவின் எடிட்டரில் உள்ள பிளர் வசதி மட்டுமே மிச்சம். அது லோகோவை நீக்காது. கட்டம் போட்ட இடத்தை மங்கலாக்கும், அவ்வளவுதான்.